லட்டுக்குள் இருக்கும் 965

தீபாவளி முடிந்த வாரத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு வயிற்றுக் கோளாறோடு வருகிறவர்களில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்று செரிக்காமல் வருகிறவர்கள் எப்போதும் உண்டு. இவர்கள் வேறு. "நான் இனிப்பைத் தொடவே இல்லைங்க. சுகர் ஃப்ரீ மட்டும்தான் சாப்பிட்டேன். அப்படியும் வயித்தால போகுது" என்று சொல்கிறவர்கள். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். வருஷக்கணக்காகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். வாயைக் கட்டி வாழ்கிறவர்களுக்குப் பண்டிகை நாளில் பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தந்த டப்பா அது. அதனால் சந்தேகம் அந்த டப்பாவின் மேல் போவதே இல்லை. மாத்திரை மேல்தான் போகிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம். இனிப்பால் வந்த பேதிக்கு மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் குடியிருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் மாத்திரை வாங்கக் கீழே இறங்கி வருவார். போன தீபாவளிக்குப் பிறகு வந்தவர் முகம் வாடியிருந்தது.

"தம்பி, இந்த மெட்ஃபார்மின் எனக்கு ஒத்துக்கல போலிருக்கு. அஞ்சாறு நாளா வயிறு உப்புசம், கடமுடன்னு சத்தம், தண்ணியாட்டம் போகுது. இன்னைக்கு பஸ்ஸுல வரும்போது பட்ட பாடு சொல்ல முடியாது. மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமான்னு இருக்கேன்."

கச்சிராயப்பாளையம் வழியாக அந்த மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வந்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். வளைவு வளைவாக வருகிற சாலை. நடுவில் இறங்கி ஒதுங்க இடம் தேடுவது பெரும் கஷ்டம்.

"சார், மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"டோஸ் ஏதும் புதுசா கூட்டினாங்களா?"

"இல்லையே."

மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் மாத்திரையை ஆரம்பிக்கிற முதல் சில வாரங்களிலோ, அளவைக் கூட்டும்போதோதான் அது நடக்கும். ஏழெட்டு வருஷம் பேசாமல் இருந்த மாத்திரை திடீரென்று தீபாவளி வாரத்தில் தகராறு செய்கிறதென்றால், அந்த வாரத்தில் புதிதாக வயிற்றுக்குள் போனது என்ன என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கேட்டேன். சென்னையிலிருந்து மகள் கொண்டுவந்த சுகர் ஃப்ரீ கடலைமாவு லட்டு. காலை டீயோடு இரண்டு, சாயங்காலம் இரண்டு. "அதுல சர்க்கரையே இல்ல தம்பி" என்று அதையும் சேர்த்துச் சொன்னார். டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி மகளிடம் பேசினோம்.

படம் வந்தது. சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டிடால், அடைப்புக்குறிக்குள் ஐஎன்எஸ் 965. அதற்குப் பிறகுதான் கடலை மாவு. பிறகு நெய், முந்திரி, ஏலக்காய். கடைசியில் சுக்ரலோஸ், ஐஎன்எஸ் 955. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. கடலைமாவு லட்டில் கடலை மாவுக்கு முன்னால் ஒரு பெயர் வருகிறது என்றால், அந்த லட்டில் மாவை விட அந்தப் பொருள்தான் அதிகம். ஊட்டச்சத்துக் கட்டத்தில் 100 கிராமுக்குப் பாலியால் 40 கிராம் என்று போட்டிருந்தது. ஒரு லட்டு 25 கிராம். அப்படியானால் ஒரு லட்டில் 10 கிராம். ஒரு நாளைக்கு நாலு லட்டு, 40 கிராம். கட்டத்துக்குக் கீழே, கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: பாலியால்கள் மலமிளக்கியாகச் செயல்படக்கூடும்.

அந்த வரி ஒன்றும் கம்பெனியின் பெருந்தன்மை அல்ல. உணவுப் பொருளில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பாலியால் இருந்தால் இந்த எச்சரிக்கையைப் போட்டே ஆக வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அறுபது வயதுக் கண்ணுக்கு அந்த எழுத்து தெரியாது. தெரிந்தாலும், மலையில் இருக்கிற ஒருவருக்கு அந்த ஆங்கில வரி நம் ஊர்ப் பேச்சில் "பேதியாகும்" என்று அர்த்தம் தருவதில்லை.

பாலியால் என்பதை ஆங்கிலத்தில் சுகர் ஆல்கஹால் என்றும் சொல்வார்கள். எங்கள் கள்ளக்குறிச்சியில் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறிவிடும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 60க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர் இது. அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கும் சாராயத்துக்கும் சம்பந்தம் கிடையாது. போதை வராது, கண் போகாது. வேதியியலில் ஒரு வகைக் கட்டமைப்புக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். இது விஷமும் அல்ல.

இன்னும் சொல்லப்போனால் இதன் மூலப்பொருள் நமக்கு ரொம்பவே பழக்கமானது. சின்னசேலம் பக்கம் மக்காச்சோளமும், மலையடிவாரத்தில் மரவள்ளியும் விளைகின்றன. மக்காச்சோள மாவுச்சத்தையோ மரவள்ளி மாவுச்சத்தையோ உடைத்துக் குளுக்கோஸ் ஆக்கி, அதில் ஹைட்ரஜனை ஏற்றினால் சார்பிட்டால். மால்ட்டோஸ் என்ற இரட்டைச் சர்க்கரை வரை மட்டும் உடைத்து ஹைட்ரஜன் ஏற்றினால் மால்டிடால்.

இனிப்புக்காரர்கள் ஏன் இதைப் போடுகிறார்கள்? சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல 600 மடங்கு இனிப்பு. ஒரு கிலோ சர்க்கரையின் தித்திப்புக்கு இரண்டு கிராம் கூடத் தேவையில்லை. ஆனால் இரண்டு கிராமை வைத்துப் பாகு காய்ச்ச முடியுமா? லட்டு பிடிக்க ஒட்டு வேண்டும், மைசூர்பாகுக்கு எடை வேண்டும். ஒரு கிலோ சர்க்கரையை எடுத்தால் அந்த இடத்தை நிரப்ப ஏதோ ஒன்று ஒரு கிலோ வந்தாக வேண்டும். மால்டிடால் சர்க்கரையில் ஏறக்குறைய 90 சதவீதம் தித்திக்கும், பாகும் வரும். அதனால்தான் சுகர் ஃப்ரீ இனிப்பில் இது சிட்டிகைக் கணக்கில் இல்லாமல் கிலோக் கணக்கில் இருக்கிறது. மற்ற சேர்க்கைப் பொருள்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

வயிற்றுக்குள் போனதும் என்ன ஆகிறது? சர்க்கரையைச் சிறுகுடல் வேகமாக உடைத்து ரத்தத்துக்கு அனுப்பிவிடும். பாலியால்களை அப்படிச் செய்ய முடியாது. மெதுவாக, அரைகுறையாகத்தான் ஏறும். மிச்சம் குடலிலேயே கிடக்கும். கிடக்கிற இடத்தில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரோடு பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே காத்திருக்கிற பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும். ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயு உண்டாகும். உப்புசமும் உருளுகிற சத்தமும் அதனால்தான். பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும் அளவைத் தாண்டிய தண்ணீர் பேதியாக வெளியே வரும். கிருமி எதுவும் இதில் கிடையாது. அதனால்தான் காய்ச்சல் வராது, ரத்தம் வராது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, சாப்பிடுவதை நிறுத்தினால் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும்.

கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கி விற்கிறவர்கள் உண்டு. அது குடலை இளக்கும் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும், அளவாகத்தான் கொடுப்பார்கள். லட்டில் இருப்பதும் அந்த வேலையைச் செய்கிற பொருள்தான். லாக்டிடால் என்ற பாலியால், ஐஎன்எஸ் 966, எங்கள் கடை அலமாரியில் மலச்சிக்கல் சிரப்பாகவே இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளைக்கு 10 முதல் 20 கிராம் என்ற அளவில் டாக்டர் எழுதுவார். ஆசிரியர் சாப்பிட்ட லட்டுகளில் இருந்த பாலியால் 40 கிராம். இரண்டும் வேறு வேறு பாலியால்கள், வேகமும் ஒன்றல்ல, ஆனால் எந்த வகைப் பொருளை எந்த அளவில் சாப்பிட்டார் என்பது இதிலிருந்து புரியும்.

எவ்வளவு சாப்பிட்டால் வயிறு கெடும் என்பது பொருளுக்குப் பொருள், ஆளுக்கு ஆள் மாறும். சார்பிட்டால் (420) 10 கிராமிலேயே பலருக்கு வாயு பிடிக்கும், 20 கிராமில் சிலருக்குப் பேதியாகும். மானிடால் (421) இன்னும் மோசம். நாளைக்கு 20 கிராம் உள்ளே போகக்கூடிய உணவு என்றாலே எச்சரிக்கை போட வேண்டும் என்பது அமெரிக்க விதி. சார்பிட்டாலுக்கு அங்கே அந்த வரம்பு 50 கிராம். மால்டிடாலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கலாம், ஆனாலும் 30, 40 கிராமுக்கு மேல் போனால் பலருக்கு வயிறு பேசத் தொடங்கிவிடும். எரித்ரிட்டால் (968) மட்டும் விதிவிலக்கு. அதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே ஏறிச் சிறுநீரில் போய்விடுவதால் வாயுத் தொல்லை குறைவு. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் எதுவுமே வேகமாக வேலை காட்டும். சோறு தின்ற பிறகு ஒன்று சாப்பிடுவதும், காலையில் டீயோடு வெறும் வயிற்றில் இரண்டு சாப்பிடுவதும் ஒன்றாகாது. குழந்தைகளின் உடல் எடை குறைவு என்பதால் நமக்கு ஒத்துக்கொள்கிற அளவே அவர்களுக்கு அதிகமாகிவிடும். தாத்தாவின் சுகர் ஃப்ரீ டப்பாவைப் பேரப்பிள்ளை காலி செய்கிற வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

"ஒரு இனிப்பால இத்தனை நடக்குமா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் பெர்லினில் நடந்தது. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அங்குள்ள ஷாரிட்டே மருத்துவமனை மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 21 வயதுப் பெண் ஒருவருக்கு எட்டு மாதமாகப் பேதி. எடையில் 11 கிலோ போய்விட்டது. எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. மலத்தைச் சோதித்தபோதுதான் குடலில் ஏறாத ஏதோ ஒரு பொருள் தண்ணீரை இழுக்கிறது என்று தெரிந்தது. சாப்பாட்டுப் பழக்கத்தைத் துருவிக் கேட்டபோது உண்மை வந்தது. சர்க்கரையில்லாத சூயிங் கம். ஒரு துண்டில் ஏறக்குறைய 1.25 கிராம் சார்பிட்டால், நாளெல்லாம் மென்று 18 முதல் 20 கிராம் வரை. இரண்டாமவர் 46 வயது ஆண், 22 கிலோ இளைத்திருந்தார். கம்மோடு சர்க்கரையில்லா மிட்டாயும் சேர்ந்து நாளைக்கு 30 கிராம். சார்பிட்டாலை நிறுத்தியதும் இருவருக்கும் பேதி நின்றது, எடை ஏறியது. எட்டு மாதம் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி, "வாயில் என்ன மெல்கிறீர்கள்" என்பது.

ஆசிரியர் கதைக்கு வருகிறேன். லட்டை நிறுத்துங்கள், மாத்திரையைத் தொடாதீர்கள், தண்ணீரும் உப்புப் போட்ட கஞ்சியும் குடியுங்கள், இரண்டு நாளில் அடங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள் என்றேன். பேதியை நிறுத்துகிற மாத்திரை கேட்டார். தேவைப்படாது என்று சொல்லி உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் மட்டும் கொடுத்தேன். "அதுல சர்க்கரை இருக்கே" என்று தயங்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். தண்ணீர் வற்றிப்போகிற உடம்புக்கு அது மருந்து. ரத்த அழுத்த மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிற வயதானவர்கள் இந்த நேரத்தில் வறண்டு மயங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. இரண்டாம் நாளே வயிறு சரியாகிவிட்டது. மெட்ஃபார்மின் அதே அளவில் தொடர்ந்தது. அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு லட்டு சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. காரணம் மாத்திரை இல்லை, லட்டின் எண்ணிக்கை என்பதற்கு அதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகள் மாவுச்சத்து உடைவதைக் குடலிலேயே தாமதப்படுத்துகிறவை. அவையே வாயுவை உண்டாக்கும். மெட்ஃபார்மினோடு வோக்ளிபோஸும் சேர்ந்த கூட்டு மாத்திரைகளைப் பலர் சாப்பிடுகிறார்கள். அவர்கள் பாலியால் இனிப்பும் சாப்பிட்டால் உப்புசம் இன்னும் கூடும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்தில் எழுப்புகிற பேதி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் லட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். அது டாக்டர் பார்க்க வேண்டிய வயிறு.

லேபிளைப் படிப்பது பற்றி. முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். சுகர் ஃப்ரீ என்று போட 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்குள் இருந்தால் போதும். பாலியால் அந்தச் சர்க்கரைக் கணக்கில் வராது. அதனால் சர்க்கரை 0, கார்போஹைட்ரேட் 60 என்று இருந்தால் அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பாலியால் என்று தனி வரி இருந்தால் உங்கள் வேலை சுலபம், துண்டின் எடையை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். இல்லாவிட்டால் சேர்மான வரிசையைப் பாருங்கள். சார்பிட்டால், மானிடால், ஐசோமால்ட், மால்டிடால், லாக்டிடால், சைலிட்டால் என்று பெயராகவும் இருக்கலாம், 420, 421, 953, 965, 966, 967 என்று எண்ணாக மட்டும் இருக்கலாம். முதல் இரண்டு இடத்துக்குள் இருந்தால் இனிப்பில் பெரும்பங்கு அதுதான். கடிக்கிற மிட்டாய் என்றால் ஏறக்குறைய முழு எடையும் அதுவே. 420 சில சமயம் இனிப்பூட்டி என்று இல்லாமல், ஈரப்பதம் காப்பது என்ற தலைப்பில் கேக்கிலும் பிஸ்கட்டிலும் இருக்கும். பாலிடெக்ஸ்ட்ரோஸ், 1200, பாலியால் அல்ல, ஆனால் அளவு மீறினால் அதே வேலையைச் செய்யும். அதற்கும் 10 சதவீதத்துக்கு மேல் எச்சரிக்கை உண்டு. சர்க்கரையில்லாத இருமல் சிரப்புகளிலும் சார்பிட்டால் இருக்கும். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் 967ஐ அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சைலிட்டால் நாய்க்கு உயிரைப் பறிக்கிற விஷம்.

இத்தனையும் வயிற்றுப் பக்கத்துக் கதை. ரத்தச் சர்க்கரைப் பக்கத்திலும் மால்டிடால் முழு விடுதலை அல்ல. அது குடலில் மெதுவாகக் குளுக்கோஸாகவும் சார்பிட்டாலாகவும் உடையும். சர்க்கரையின் கிளைசெமிக் குறியீடு 65 என்றால் மால்டிடாலுக்கு ஏறக்குறைய 35. குறைவுதான், பூஜ்யம் அல்ல. லட்டில் மாவும் நெய்யும் குறையவே இல்லை. நாலு சுகர் ஃப்ரீ லட்டு சாப்பிடுவதை விட, சாப்பாட்டோடு சாதாரண லட்டில் பாதி சாப்பிட்டு அதோடு நிறுத்திக்கொள்வது பலருக்கு மேல் என்பது என் அபிப்பிராயம். உங்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பொட்டலத்தில் வருவதையாவது படிக்கலாம். கடைத் தட்டில் "சுகர் ஃப்ரீ" என்று சீட்டு குத்தி வைத்திருக்கும் மைசூர்பாகில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கேட்டால், "சுகர் பேஷன்ட் எல்லாம் தாராளமா சாப்பிடலாம் சார்" என்ற பதில்தான் வரும். தாராளமாகச் சாப்பிடக்கூடாது என்பதுதான் அந்தப் பொருளின் குணமே.

கள்ளக்குறிச்சியிலோ வேறு எங்கோ இனிப்புக்கடை வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்தச் சீட்டில் தமிழில் இரண்டே வரி சேருங்கள்: "இதில் மால்டிடால் இருக்கிறது. ஒரு துண்டில் இத்தனை கிராம், அதிகம் சாப்பிட்டால் பேதியாகும்." வாங்குகிறவர்களே, அப்படி எழுதியிருக்கவில்லை என்றால் எதில் செய்தது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம். எக்காரணம் கொண்டும் உங்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.